சாவியை நிறுத்திய நேரமும் கதவு அடைபட்ட நேரமும்

2025 ஆகஸ்ட் 9ஆம் தேதி, சனிக்கிழமை மாலை 6.42 மணிக்கு, பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் நடந்த பயிற்சி வகுப்பின் முடிவில், இரண்டு ஆண்டுகளாகத் தனியுரிமையில் வைத்திருந்த என்னுடைய நிரல் களஞ்சியம் ஒன்றை மாணவர்கள் பார்ப்பதற்காகப் பொதுவில் திறந்துவிட்டேன். அதன் பழைய வரலாற்றுக்குள் ஓர் அணுகல் சாவி இருந்தது. மறுநாள் காலை 7.10 மணிக்கு அது எனக்குத் தெரியவந்தது. 7.31 மணிக்குச் சாவியை முடக்கினேன். 7.45 மணிக்கு, அந்தச் சாவியைப் பயன்படுத்திவந்த கல்லிடைக்குறிச்சி அப்பளப் பட்டறை அண்ணாச்சியைத் தொலைபேசியில் அழைத்து, "அடைச்சாச்சு அண்ணாச்சி" என்று சொன்னேன். அப்படிச் சொன்னது தவறு. கதவு உண்மையில் அடைபட்டது 8.25 மணிக்குத்தான். சாவியை முடக்கியதற்கும் கதவு அடைபட்டதற்கும் இடையிலான அந்த 54 நிமிட வேறுபாடு எப்படி வந்தது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்; எல்லாப் பதிவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிக்கச் சில வாரங்கள் ஆகிவிட்டன.

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் செய்யும் ஒரு பட்டறைக்கு 2023இல் ஒரு சிறிய நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். வெளியூர்களிலிருந்து வரும் ஆர்டர்களைத் தாளில் எழுதி, அந்தச் சீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்தால், படம் அமேசான் எஸ்3 சேமிப்பிடத்தில் ஏறிவிடும். பின்னர் அலுவலக மேசையிலிருந்து அதைத் திறந்து பார்த்துப் பொட்டலம் கட்டுவார்கள். சீட்டில் வாங்குபவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றும் இருக்கும். அன்றைய தேதிக்கு அங்கே 1,140 படங்கள் இருந்தன. சாவி வெளியானதை நான் ஒரு நிரலாளரின் பிழையாக மட்டும் எண்ணாததற்குக் காரணம் இந்தப் படங்கள்தாம்.

அமேசானின் அணுகல் சாவி இரண்டு துண்டுகளாக இருக்கும். ஒன்று 20 எழுத்துகள் கொண்ட அடையாளம்; நீண்ட காலச் சாவி என்றால் அது AKIA என்று தொடங்கும். மற்றது 40 எழுத்துகள் கொண்ட ரகசியம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். 2023இல் வேலையைத் தொடங்கிய நாள்களில், அடையாளத்தை config.ini என்ற கோப்பிலும் ரகசியத்தை upload.sh என்ற கோப்பிலும் நேரடியாக எழுதியிருந்தேன். சில வாரங்கள் கழித்து, அது முறையல்ல என்று உணர்ந்து, இரண்டையும் கோப்புகளிலிருந்து நீக்கிவிட்டுக் கணினியின் சூழல் மாறிகளுக்கு மாற்றினேன். ஆனால் சாவியை மாற்றவில்லை. நீக்கிய நாளிலிருந்து அந்தக் கோப்புகளைத் திறந்தால் எதுவும் தெரியாது. கோப்புகளில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு கமிட்டாகப் பதிந்துவைக்கும் கிட் வரலாற்றில் பின்னோக்கிப் போனால் முதல் கமிட்டில் இரண்டும் அப்படியே இருக்கும். களஞ்சியம் எனக்கு மட்டும் தெரிவதாக இருந்தவரை அதைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

பொதுக் களஞ்சியங்களுக்குள் சாவியைத் தள்ளினால், களஞ்சியங்களை இணையத்தில் வைத்திருக்கும் கிட்ஹப் தளம் தடுத்துவிடும் என்று பலரும் நம்பியிருக்கிறார்கள், நானும் நம்பியிருந்தேன். அந்தத் தடுப்பு தள்ளும் நேரத்தில் நடப்பது. என் கமிட்டுகள் 2023இல், களஞ்சியம் தனியுரிமையில் இருந்தபோதே தள்ளப்பட்டவை. திறந்த பிறகு நடக்கும் ரகசியத் தேடலைப் பொறுத்தவரை, இரண்டு துண்டுகளாக வரும் சாவிகளுக்கு இரண்டு துண்டுகளும் ஒரே கோப்பில் இருந்தால்தான் எச்சரிக்கை எழும் என்று அந்தத் தளத்தின் ஆவணமே கூறுகிறது. என்னுடையவை இரண்டு கோப்புகளில் பிரிந்து கிடந்தன. கிட்ஹப்பிலிருந்தோ அமேசானிலிருந்தோ எந்த எச்சரிக்கை மடலும் எனக்கு வரவில்லை. ஆனால் மனிதக் கண்ணுக்கோ, களஞ்சியம் முழுவதையும் நகலெடுத்துத் தேடும் ஒரு நிரலுக்கோ, அடையாளமும் ரகசியமும் வெவ்வேறு கோப்பில் இருப்பது ஒரு தடையே அல்ல.

கண்டுபிடித்தவர் தென்காசியிலிருந்து அந்த வகுப்புக்கு வந்திருந்த ஓர் இளைஞர். வரலாற்றைப் பின்னோக்கிப் படிக்கும் பயிற்சியை நான்தான் வீட்டுப் பாடமாகக் கொடுத்திருந்தேன். அவர் சனிக்கிழமை இரவு 10.50 மணிக்கே அதைப் பார்த்துவிட்டார். பிந்தைய கமிட்டில் அது நீக்கப்பட்டிருந்ததால், செத்துப்போன சாவியாக இருக்கும் என்று எண்ணியும், இரவில் ஆசிரியரை எழுப்பத் தயங்கியும், காலையில் சொல்லலாம் என்று இருந்துவிட்டார். காலை 6.50 மணிக்கு அவர் அழைத்தபோது நான் குறுக்குத்துறையில் தாமிரபரணிக்குள் நின்றிருந்தேன்; கைப்பேசி கரையில் துணிமூட்டைக்குள் இருந்தது. குளித்துக் கரையேறி, தவறிய அழைப்பைப் பார்த்து, 7.10 மணிக்குத் திருப்பி அழைத்தேன். "அண்ணாச்சி, அந்தச் சாவி இப்பவும் உயிரோட இருக்கா?" என்றுதான் அவர் தொடங்கினார். கண்டறிந்த நேரம் என்று என் அறிக்கையில் 7.10ஐக் குறித்தேன், ஆனால் 6.50ஐயும் 10.50ஐயும் அருகிலேயே எழுதினேன். நான் அறிந்த நேரம் ஒன்று, பிறர் அறிந்த நேரம் வேறொன்று. வெளியே கிடந்த காலத்தை அளக்க வேண்டுமானால் இவை எதுவும் தொடக்கப் புள்ளி ஆகாது.

தொடக்கப் புள்ளியை நிறுவுவதே முதலில் தடுமாற வைத்தது. கமிட்டில் இருக்கும் தேதி 2023ஐக் காட்டும். அது சாவி எழுதப்பட்ட நாளே தவிர, வெளியான நாள் அல்ல. களஞ்சியத்தின் பக்கத்தில் எப்போது பொதுவாக்கப்பட்டது என்ற குறிப்பு இருக்காது. என் கணக்கின் பாதுகாப்புப் பதிவேட்டில், அணுகல் நிலை மாறியதைக் காட்டும் repo.access என்ற நிகழ்வைத் தேடி எடுத்துத்தான் 6.42 என்ற நேரத்தை உறுதி செய்தேன். அந்தப் பதிவேடு 90 நாள்களுக்கே பின்னோக்கிக் காட்டும் என்பதால், ஒருவர் நான்கு மாதம் கழித்துக் கண்டுபிடித்திருந்தால் இந்த எண்ணே எனக்குக் கிடைத்திருக்காது. உடனே ஒரு தாளில் எல்லா நேரங்களையும் இரண்டு நெடுவரிசைகளாக எழுதத் தொடங்கினேன்: ஒன்று இந்திய நேரம், மற்றது உலகப் பொது நேரம். அமேசானின் பதிவுகள் எல்லாம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். ஐந்தரை மணி நேரத்தைப் பதற்றத்தில் மனக்கணக்காகக் கழித்தால் தவறு வரும். மாலை 6.42 என்பது அங்கே 13:12.

ஆற்றங்கரையிலிருந்து வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் நான் களஞ்சியத்தைத் தொடவில்லை. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலானோரின் கை முதலில் அங்கேதான் போகும். அதை மீண்டும் தனியுரிமைக்கு மாற்றினாலும், வரலாற்றைத் திருத்தி வலிந்து தள்ளினாலும், ஏற்கெனவே நகலெடுத்தவர்களின் கணினியில் உள்ளது அப்படியே இருக்கும். பொதுவில் இருந்தபோது யாராவது தம் கணக்கில் கிளை நகல் எடுத்திருந்தால் அது பொதுவிலேயே தொடரும். திருத்திய பிறகும் பழைய கமிட்டை அதன் எண்ணைக் கொண்டு தளத்தில் பார்க்க முடியும். அதோடு அந்த வேலைக்கு அரை மணி நேரமாவது ஆகும். சாவியை முடக்குவது ஒரே கட்டளை.

அதற்கு முன் ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொண்டேன்: இந்தச் சாவி கடைசியாக எப்போது, எதற்குப் பயன்பட்டது? இங்கும் கீழேயும் உண்மைச் சாவிக்குப் பதிலாக, அமேசான் தன் ஆவணங்களில் எடுத்துக்காட்டாகத் தரும் சாவியையே எழுதுகிறேன்.

```
aws iam get-access-key-last-used \
  --access-key-id AKIAIOSFODNN7EXAMPLE

aws iam update-access-key --user-name appalam-upload \
  --access-key-id AKIAIOSFODNN7EXAMPLE --status Inactive
```

முதல் கட்டளை சொன்ன விடை என்னை உறைய வைத்தது. ஆகஸ்ட் 9, 18:02 உலகப் பொது நேரம், எஸ்3 சேவை, மும்பை வட்டாரம். நம் நேரப்படி சனி இரவு 11.32. அந்த நேரத்தில் பட்டறையில் யாரும் இருக்கமாட்டார்கள். எனவே ஓர் அந்நியர் எங்கள் சேமிப்பிடத்துக்குள் இருந்திருக்கிறார் என்று முடிவுகட்டி இரண்டாவது கட்டளையை இட்டேன். 7.31. அந்த 11.32 மணியின் விடை திங்கட்கிழமைதான் கிடைத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சாவியை அழிக்காமல் முடக்கியதற்குக் காரணம் உண்டு. அழித்தால் திரும்ப வராது. முடக்கினால், ஏதாவது முக்கியமான வேலை நின்றுவிட்டால், அது எது என்று அறிந்து முடிவெடுக்கலாம். அமைதியான நாள்களில் சாவியை மாற்றும் வரிசை வேறு: ஒரு பயனருக்கு இரண்டு சாவிகள் வரை இருக்கலாம் என்பதால், முதலில் புதியதை உருவாக்கி, எல்லா இடங்களிலும் பொருத்தி, சோதித்து, அதன் பிறகே பழையதை நிறுத்துவார்கள், எந்த வேலையும் தடைபடாது. வெளியான சாவிக்கு அந்த வரிசை பொருந்தாது. புதியதைப் பொருத்திக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும் பழையது வெளியே உயிரோடு இருக்கும். ஞாயிறு காலையில் பட்டறையில் ஆர்டர் வராது என்பதால் எனக்கு இந்த முடிவு எளிதாக இருந்தது. தீபாவளிக்கு முந்தைய வாரமாக இருந்திருந்தாலும் இதையே செய்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

7.45 மணிக்கு அண்ணாச்சிக்குச் சொன்ன அந்த வாக்கியம் இந்த இடத்தில்தான் வந்தது. சாவி செத்தது, ஆகவே கதவு அடைபட்டது என்பதே என் எண்ணம்.

அடுத்து, வெளியே கிடந்த நேரத்தில் யார் என்ன செய்தார்கள் என்று பார்க்க, அமேசானின் நிகழ்வுப் பதிவான கிளவுட்டிரெயிலைத் திறந்தேன். மும்பை வட்டாரத்தில் அந்தச் சாவியின் பெயரில் எதுவும் இல்லை. ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. பிறகுதான், அந்தப் பதிவு வட்டாரம் வட்டாரமாகப் பிரிந்திருக்கும் என்பதும், அடையாளம் தொடர்பான அழைப்புகள் பெரும்பாலும் அமெரிக்கக் கிழக்கு வட்டாரத்தில் பதிவாகும் என்பதும் நினைவுக்கு வந்தன.

```
aws cloudtrail lookup-events --region us-east-1 \
  --start-time 2025-08-09T13:12:00Z \
  --lookup-attributes AttributeKey=AccessKeyId,AttributeValue=AKIAIOSFODNN7EXAMPLE
```

அங்கே நான்கு வரிகள் இருந்தன. 14:26க்கு GetCallerIdentity, இந்தச் சாவி யாருடையது என்று கேட்கும் அழைப்பு. அதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை, ஆகவே கண்டெடுத்த சாவியைச் சோதிப்பவர்கள் பெரும்பாலும் இதில்தான் தொடங்குவார்கள். தொடர்ந்து, பயனர்களையும் சேமிப்பிடங்களையும் பட்டியலிடக் கேட்கும் ListUsers, ListBuckets. இரண்டும் அனுமதி மறுக்கப்பட்டதாகக் குறிக்கப்பட்டிருந்தன, ஏனெனில் அந்தப் பயனருக்கு ஒரே ஒரு சேமிப்பிடத்தில் படம் ஏற்றவும் படிக்கவும் மட்டுமே அனுமதி கொடுத்திருந்தேன். நான்காவது வரி 14:27க்கு GetSessionToken. அது மறுக்கப்படவில்லை. களஞ்சியத்தைத் திறந்து 75 நிமிடங்களுக்குள், நான் வீட்டில் இரவு உணவுக்கு உட்காரும் முன்பே, யாரோ ஒருவர் சாவியைப் பயன்படுத்திவிட்டார்.

நான்காவது வரியைப் படித்தபோது மணி 8.05. GetSessionToken என்பது நீண்ட காலச் சாவியைக் காட்டி ஒரு தற்காலிகச் சாவியைப் பெறும் அழைப்பு. அந்தத் தற்காலிகச் சாவிக்கு வேறு அடையாளம் இருக்கும். அது ASIA என்று தொடங்கும். அதன் ஆயுள் குறைந்தது 900 விநாடி, அதிகபட்சம் 129600 விநாடி, அதாவது 36 மணி நேரம். எதுவும் கேட்காவிட்டால் 12 மணி நேரம். நிகழ்வின் விவரத்தைத் திறந்து பார்த்தேன். கேட்கப்பட்டிருந்த காலம் 129600. சனி இரவு 7.57க்குக் கொடுக்கப்பட்ட அது, திங்கள் காலை 7.57 வரை செல்லும். மூலச் சாவியை முடக்கியதாலோ அழிப்பதாலோ ஏற்கெனவே கொடுக்கப்பட்ட தற்காலிகச் சாவி செல்லாததாகிவிடாது. வீட்டுச் சாவியைப் பறிமுதல் செய்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும் நேரத்தில், அதைப் பார்த்து வார்த்த இன்னொரு சாவி வேறொருவர் பையில் இருக்கிறது என்பதே நிலை.

இதைத் திரும்பப் பெற வழியில்லை என்றாலும் பயனற்றதாக்க வழி உண்டு. தற்காலிகச் சாவியின் அதிகாரம் அதைப் பெற்ற பயனரின் அனுமதிகளைச் சார்ந்தது. அந்த அனுமதிகள் ஒவ்வொரு அழைப்பின்போதும் புதிதாகச் சரிபார்க்கப்படுகின்றன. எனவே, குறிப்பிட்ட நேரத்துக்கு முன் வழங்கப்பட்ட எந்தத் தற்காலிகச் சாவிக்கும் எதையும் அனுமதிக்காதே என்று அந்தப் பயனருக்கு ஒரு மறுப்பு விதியைச் சேர்த்தால் போதும்.

```
{
  "Version": "2012-10-17",
  "Statement": [{
    "Effect": "Deny", "Action": "*", "Resource": "*",
    "Condition": {"DateLessThan":
      {"aws:TokenIssueTime": "2025-08-10T02:55:00Z"}}
  }]
}
```

இதில் நான் விரும்பும் ஒரு நுணுக்கம், aws:TokenIssueTime என்ற அந்தப் புலம் தற்காலிகச் சாவியுடன் வரும் அழைப்பில் மட்டுமே இருக்கும் என்பது. ஆகவே பட்டறைக்கு நான் கொடுக்கப்போகும் புதிய நீண்ட காலச் சாவியை இந்த விதி தொடாது. விதியைச் சேர்ப்பதற்கு முன், 8.12 மணிக்கு, அதே பயனருக்கு இரண்டாவது சாவி ஒன்றை உருவாக்கி, அதைக் கொண்டு நானே ஒரு தற்காலிகச் சாவியும் பெற்றேன். ஒரு படத்தைப் படிக்க முயன்றேன், படம் வந்தது. 8.25க்கு விதியைச் சேர்த்தேன். 8.27க்கு அதே தற்காலிகச் சாவியால் அதே படத்தைக் கேட்டபோது AccessDenied என்று வந்தது. புதிய நீண்ட காலச் சாவியால் கேட்டபோது படம் வந்தது. அந்நியர் கையில் இருப்பது என்னிடம் இல்லாததால் அதைச் சோதிக்க முடியாது. அதே வகையில் அதே பயனரிடமிருந்து பெற்ற ஒன்று செயலிழந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே, கதவு அடைபட்டது என்ற சொல்லை எழுதும் உரிமை எனக்கு வந்தது. 6.42 முதல் 8.25 வரை 13 மணி 43 நிமிடம். முடக்கிய நேரத்தையே முடிவாகக் கொண்டிருந்தால் 12 மணி 49 நிமிடம் என்று எழுதியிருப்பேன்.

8.30 மணிக்கு மீண்டும் கல்லிடைக்குறிச்சிக்கு அழைத்து, முன்பு சொன்னது தவறு என்றும், இப்போதுதான் அடைபட்டது என்றும், இடையில் ஒருவர் சாவியைப் பயன்படுத்தியது உறுதி என்றும் சொன்னேன். அண்ணாச்சி சற்று நேரம் பேசவில்லை. "தம்பி, சீட்டப் பாத்திருக்கானா இல்லையா, அதச் சொல்லு" என்றார்.

அதற்கு விடை சொல்ல என்னிடம் நேரடியான பதிவு இல்லை. கிளவுட்டிரெயில் இயல்பாகப் பதிவது நிர்வாக அழைப்புகளை மட்டுமே. ஒரு படத்தை எடுத்துப் படிக்கும் GetObject போன்றவை தரவு நிகழ்வுகள் எனப்படும், அவற்றைத் தனியாகக் கேட்டுக் கட்டணம் செலுத்தினால்தான் பதிவாகும். எஸ்3க்கென்று இருக்கும் அணுகல் பதிவும் இயல்பாக இயங்குவதில்லை. இரண்டையும் நான் இயக்கியிருக்கவில்லை. தற்காலிகச் சாவியின் வேறு அழைப்புகள் ஏதாவது உண்டா என்று பயனரின் பெயரைக் கொண்டும் தேடினேன். சாவியின் அடையாளத்தைக் கொண்டு மட்டும் தேடினால் ASIA சாவியின் செயல்கள் அகப்படாமல் போகும். நிர்வாக அழைப்பு எதுவும் இல்லை. படம் படிக்கப்பட்டதா என்பதற்கு அந்த மௌனம் சான்றாகாது. சேமிப்பிடத்தின் பெயர் config.iniயிலேயே இருந்தது, படங்களின் பெயரைத் தேதியும் வரிசை எண்ணும் கொண்டு அமைக்கும் வரியும் நிரலில் இருந்தது. பட்டியலைக் கேட்காமலேயே ஒருவர் பெயரை ஊகித்துப் படத்தைக் கேட்டிருக்க முடியும்.

சுற்றுவழி ஒன்று இருந்தது. எஸ்3 ஒவ்வொரு அழைப்புக்கும் கட்டணம் கணக்கிடுவதால், கட்டணப் பகுதியிலிருந்து பயன்பாட்டு அறிக்கையை மணிவாரியாகப் பதிவிறக்கலாம். எந்த மணியில் எத்தனை GetObject, கோப்பை ஏற்றும் PutObject எத்தனை என்ற எண்ணிக்கை அதில் இருக்கும். யார் கேட்டார்கள், எந்தப் படம் என்பது இருக்காது. செவ்வாய்க்கிழமை அந்த இரவுக்கான எண்கள் முழுமையாக வந்திருந்தன. 13 மணிக் கட்டத்தில் 5 வாசிப்புகள், 14 மணிக் கட்டத்தில் 6, அதன் பிறகு ஞாயிறு காலை நான் சோதித்த நேரம் வரை ஒன்றும் இல்லை. அந்த இரண்டு கட்டங்களும் நம் நேரத்தில் மாலை 6.30 முதல் 8.30 வரை. பட்டறை அலுவலகம் சனிக்கிழமை எட்டு மணி வரை திறந்திருந்தது, சீட்டுகளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தப் பதினொன்றும் அவர்களுடையதாகவே இருக்கலாம். அப்படி என்று என்னால் நிறுவ முடியாது. நான் எழுதிக்கொடுக்க முடிந்தது ஒரு மேல்வரம்பு: 1,140 படங்களும் அள்ளிச் செல்லப்படவில்லை, பார்க்கப்பட்டிருந்தால் 11க்கு மேல் இல்லை, அந்தப் பதினொன்று எவை என்று தெரியாது.

இரவு 11.32 மணியின் மர்மமும் அதே அறிக்கையில்தான் முழுமையாக விலகியது. திங்கட்கிழமை காலை, ஆற்றுக்கு அக்கரையில் அம்பாசமுத்திரத்தில் இருக்கும் கிடங்கின் பழைய கணினியிலிருந்து, இரவு காப்புநகல் ஏறவில்லை என்று ஒருவர் அழைத்தார். அந்தக் கணினியை ஓராண்டுக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள் என்று நான் எண்ணியிருந்தேன். அது ஒவ்வோர் இரவும் 11.30க்குக் கணக்குக் கோப்பு ஒன்றை அதே சாவியால் ஏற்றிக்கொண்டிருந்தது. ஞாயிறு இரவு முதல் அதன் பதிவில் InvalidAccessKeyId என்ற பிழை நின்றது. மணிவாரி அறிக்கையில் 18 மணிக் கட்டத்தில் ஒரே ஒரு PutObject, வாசிப்பு எதுவும் இல்லை. கடைசிப் பயன்பாட்டைக் காட்டும் கட்டளை கடைசி ஒன்றை மட்டுமே காட்டும் என்பதை நான் அன்று போதிய அளவு மதிக்கவில்லை: அது எங்கள் சொந்தக் கணினியின் நள்ளிரவு வேலையைக் காட்டி என்னைத் தவறான திசையில் அச்சுறுத்தியது, உண்மையான அந்நியரின் 7.56 மணியை மறைத்தும் விட்டது. முடக்கி வைத்துக் காத்திருந்ததால்தான் இந்த மூன்றாவது கணினி தானாக வெளிப்பட்டது.

8.12க்கு உருவாக்கிய சாவியைப் பட்டறையின் கைப்பேசிக்கு மட்டும் கொடுத்து, அந்தப் பயனரின் படிக்கும் அனுமதியை எடுத்துவிட்டேன். ஏற்றுவது மட்டுமே அதன் வேலை. அலுவலக மேசைக்குப் படிக்க மட்டும் ஒரு பயனர், கிடங்குக்குத் தன் கோப்புறையில் எழுத மட்டும் ஒரு பயனர். மூன்று இடத்துக்கும் ஒரே சாவி என்பதே முதல் குழப்பத்துக்குக் காரணமாக இருந்தது. தரவு நிகழ்வுப் பதிவை அந்தச் சேமிப்பிடத்துக்கு இயக்கினேன். இவ்வளவு சிறிய பயன்பாட்டுக்கு அதன் செலவு மிகக் குறைவு. பிறகே களஞ்சியத்தைத் தனியுரிமைக்கு மாற்றினேன். எனது மற்ற களஞ்சியங்களின் வரலாற்றையும், நீக்கப்பட்ட வரிகளையும் சேர்த்துத் தேடும் இந்தக் கட்டளையால் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்:

```
git log --all -S 'AKIA' --oneline
```

கணினிப் பாதுகாப்புக்கான தேசிய அமைப்பான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28இல் வெளியிட்ட நெறிமுறையில், இத்தகைய சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறது. கணக்கு தொடங்குவது 7.10லிருந்து, பிற்பகல் 1.10க்குள் போக வேண்டும். ஞாயிறு காலை 11.40க்கு அனுப்பினேன். அதில் வெளியான நேரம், பிறர் முதலில் கண்ட நேரம், நான் அறிந்த நேரம், சாவி முடங்கிய நேரம், தற்காலிகச் சாவி செயலிழந்த நேரம் ஆகிய ஐந்தையும் தனித்தனியாக எழுதினேன். அதே தாளின் நகலை அண்ணாச்சிக்கும் கொடுத்தேன். புதன்கிழமை அதை நேரில் எடுத்துக்கொண்டு போனபோது, மணிவாரி எண்களையும் விளக்கினேன். யார் யாருக்குத் தெரிவிப்பது என்று கேட்டேன். பதினொரு பேருக்கு மட்டும் சொல்ல வழியில்லையே என்றும் சொன்னேன்.

"பதினொண்ணுன்னாலும் யாரோடதுன்னு தெரியாதுல்லா? அப்ப எல்லாருக்கும் சொல்லிரணும்" என்றார் அவர்.

சீட்டுகளில் இருந்த எண்களைத் திரட்டி, திரும்பத் திரும்ப வாங்குபவர்களை ஒருமுறை மட்டும் எண்ணினால் 312 பேர் வந்தார்கள். செய்தியை அவரே சொல்லச் சொல்ல நான் தட்டெழுதினேன். ஆகஸ்ட் 9 மாலை முதல் 10 காலை வரை உங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண் உள்ள சீட்டு வெளியாள் ஒருவர் பார்க்கக்கூடிய நிலையில் இருந்தது, பார்த்ததாகச் சான்று இல்லை, எங்கள் பெயரைச் சொல்லிப் பணம் கேட்டு யாராவது அழைத்தால் கொடுக்க வேண்டாம், இந்த எண்ணில் எங்களைக் கேளுங்கள். அன்று மாலைக்குள் 312 பேருக்கும் அனுப்பினோம். எட்டுப் பேர் திருப்பி அழைத்தார்கள். எட்டு அழைப்புகளையும் அண்ணாச்சியே எடுத்தார்.

முடக்கிய சாவியை இரண்டு வாரங்கள் அப்படியே வைத்திருந்தேன். வேறு எந்தக் கணினியும் அதைத் தேடி அழவில்லை என்று உறுதியானதும், ஆகஸ்ட் 24ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை 9.05 மணிக்கு அதை அழித்தேன்.